ஐம்பத்தைந்து சதவீதத்தில் நின்ற பம்ப்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. முன்பக்கம் முகப்பு, வளவு, தேக்குத் தூண்கள் என்று வெளியூர் விருந்தினர் படம் எடுக்கும் பகுதி. நான் போவது எப்போதும் பின்வாசல் வழியாகத்தான். அடுப்படிக்குப் பின்னால், தோட்டத்துக்கு இறங்கும் படிக்கு அருகில், சுவரில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருப்பது நான் செய்துகொடுத்த பம்ப் கண்ட்ரோலர். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, மேல்தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்த்து மோட்டாரைப் போட்டு அணைக்கும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் நிறுத்திவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

காரைக்குடியில் இருக்கும் என் பட்டறையிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாக வண்டியில் போனால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். போன மாசியில் அப்படித்தான் போனேன். சின்ன வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வேலை இதுதான். அந்த வீட்டு மோட்டாரின் புட்வால்வு, அதாவது குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு, கொஞ்சம் கசிகிறது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் குழாயில் தண்ணீர் ஏறப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகிவிடும். என் கண்ட்ரோலரோ எட்டு விநாடிக்குள் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறாவிட்டால் ‘தண்ணீர் இல்லை’ என்று முடிவு கட்டி நிறுத்திவிடும். தண்ணீர் இருந்தும் மோட்டார் நின்றுபோகிறது என்று புகார். அந்த எட்டை இருபதாக மாற்றி, கூடவே இரண்டு சின்னத் திருத்தமும் செய்து புது ஃபர்ம்வேர், அதாவது கண்ட்ரோலருக்குள் ஓடும் நிரல், தயாராக வைத்திருந்தேன். 38 கேபி. லேப்டாப், ஒரு யுஎஸ்பி-சீரியல் கேபிள், பெட்டியின் உள்ளே நான்கு முள் உள்ள சர்வீஸ் சாக்கெட். செருகினால், ஓடவிட்டால், முடிந்தது.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி அடுப்படி வாசலில் நின்று, “எவ்வளவு நேரமாகும்ப்பா? பதினோரு மணிக்கு ஆளுக வராக” என்றார்.

“அஞ்சே நிமிஷம் ஆச்சி.”

இந்த ‘அஞ்சே நிமிஷ’த்தை இப்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை.

போர்டில் இருக்கும் சிப் எஸ்டிஎம்32 வரிசையில் எஃப்103சி8. மலிவானது, எங்கும் கிடைப்பது. அதில் 64 கேபி ஃபிளாஷ் நினைவகம். அதை நான் மூன்றாகப் பிரித்திருந்தேன். முதல் 8 கேபியில் நான் எழுதிய பூட்லோடர், அதாவது கேபிள் வழியாக வரும் புது ஃபர்ம்வேரை வாங்கி எழுதிவைக்கும் சின்ன நிரல். அடுத்த 55 கேபி பம்ப்பை ஓட்டும் முதன்மை நிரலுக்கு. கடைசி 1 கேபியில் அந்தந்த வீட்டு அமைப்புகள்: தொட்டி உயரம், மோட்டார் கரண்ட் அளவு, இப்படி.

புதுப்பிக்கச் சொல்லி லேப்டாப்பிலிருந்து கட்டளை போனால், முதன்மை நிரல் ஓர் அடையாளத்தை வைத்துவிட்டுத் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். விழித்தெழும் பூட்லோடர் அந்த அடையாளத்தைப் பார்த்து, 55 கேபியையும் முழுதாக அழித்துவிட்டு, ‘அனுப்பு’ என்று காத்திருக்கும். அப்புறம் 1 கேபி வாங்குவது, எழுதுவது, அடுத்த 1 கேபி. ஃபிளாஷை அழிப்பது பக்கம் பக்கமாகத்தான் முடியும். இந்தச் சிப்பில் ஒரு பக்கம் 1 கேபி.

திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. 40, 45, 50. அப்போது பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். சதவீதம் 55-இல் நின்றுவிட்டது. பிறகு இந்த வரி வந்தது:

```
write failed: [Errno 5] Input/output error
```

இங்கேதான் என் பெரிய தவறு. கேபிள் ஆடியிருக்கும் என்று நினைத்தேன். கேபிளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கை தானாகப் போய், பெட்டிக்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சை அணைத்து மறுபடி போட்டது. எதுவாக இருந்தாலும் ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நாமெல்லாம் பழகியிருக்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம்.

அந்த நிமிடத்தில் உண்மை நிலைமை என்னவென்றால், போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருந்தது. பூட்லோடர் அடுத்த 1 கேபிக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. அறுந்தது லேப்டாப்பின் பக்கம் மட்டும்தான். ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டு, லேப்டாப்பில் நிரலை மறுபடி முதலிலிருந்து ஓட்டியிருந்தால் பூட்லோடர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி வாங்கியிருக்கும். நான் மின்சாரத்தை நிறுத்தியதும் அந்த அடையாளம், காத்திருப்பு எல்லாம் போய்விட்டன. இனி போர்டு விழித்தால் சாதாரணமாகத்தான் விழிக்கும். பாதி நிரலோடு.

எம்சிபியைப் போட்டதும் பச்சை விளக்கு ஒரு முறை சிமிட்டி அணைந்தது. இரண்டு விநாடி கழித்து மறுபடி ஒரு சிமிட்டு. அப்புறம் இன்னொன்று. ரிலே சத்தமே இல்லை. லேப்டாப்பிலிருந்து என்ன கேட்டாலும் பதில் இல்லை.

“தம்பி, தண்ணி வருமா வராதா? அதை மட்டும் சொல்லு” என்றார் ஆச்சி.

நல்லவேளை, பெட்டியில் ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் ஒன்று வைத்திருந்தேன். மேனுவலில் போட்டால் என் போர்டைக் கேட்காமலே மோட்டார் ஓடும். அதைப் போட்டுவிட்டு, தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணனிடம், “தொட்டி நிறைஞ்சு வழிஞ்சா இந்தச் சுவிட்சை நடுவில வச்சுடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். இந்தச் சுவிட்ச் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்தேன். லேப்டாப்பில் லினக்ஸ். `dmesg` கட்டளையில் கடைசி வரிகள்:

```
usb usb1-port2: disabled by hub (EMI?), re-enabling...
usb 1-2: USB disconnect, device number 7
ch341-uart ttyUSB0: ch341-uart converter now disconnected from ttyUSB0
usb 1-2: ch341-uart converter now attached to ttyUSB1
```

முதல் வரியில் அடைப்புக்குள் இருக்கும் கேள்வியைப் பாருங்கள். மின்காந்த இடையூறாக இருக்குமோ என்று லினக்ஸ் கெர்னலே சந்தேகப்படுகிறது. சந்தேகம் சரிதான். அந்த ‘டக்’ சத்தம் அதே பெட்டியில் இருக்கும் இன்னொரு காண்டாக்டருடையது, அதாவது மோட்டாரைப் போட்டு அணைக்கும் மின்காந்தச் சுவிட்சுடையது. தோட்டத்து போர் மோட்டாருக்கு ஒரு டைமர் சுவிட்ச் உண்டு. பத்தரை மணிக்கு அது அணைந்திருக்கிறது. காண்டாக்டரின் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும்போது காயிலில் தேங்கிய ஆற்றல் ஒரு பெரிய மின்னழுத்தத் துள்ளலாக வெளியே வரும். ஒரு சாண் தள்ளி என் கேபிள். யுஎஸ்பி அறுந்து, அரை விநாடியில் தானே திரும்பவும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் என் நிரல் பழைய `ttyUSB0`-வைப் பிடித்துக்கொண்டிருந்ததால், ஒட்டிக்கொண்டது `ttyUSB1` என்ற புதுப் பெயரில். கேபிள் ஆடவே இல்லை. நான்தான் ஆடிவிட்டேன்.

சரி, லேப்டாப் கதை புரிந்தது. போர்டு ஏன் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது? பாதி நிரல்தான் இருக்கிறது என்றால் பூட்லோடருக்கு அது தெரிய வேண்டாமா, ‘இது முழுசா இல்லையே, நான் இங்கேயே இருந்து அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கிறேன்’ என்று?

அதற்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் எழுதிய சோதனை இது:

```c
uint32_t sp = *(uint32_t *)0x08002000;
if ((sp & 0x2FFE0000) == 0x20000000)
    jump_to_app();
```

முதன்மை நிரல் தொடங்கும் இடம் `0x08002000`. அங்கே இருக்கும் முதல் நான்கு பைட், நிரல் தற்காலிகமாகக் குறித்துவைத்துக்கொள்ளும் இடமான ஸ்டாக் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் முகவரி. சிப்பின் ரேம் `0x20000000`-இல் ஆரம்பிப்பதால், அந்த எண்ணும் அந்தப் பகுதியைச் சுட்டினால் இங்கே ஏதோ நிரல் இருக்கிறது என்று பொருள். அழிக்கப்பட்ட ஃபிளாஷில் எல்லாப் பிட்டும் ஒன்றாக இருக்கும், அதாவது `0xFFFFFFFF`. அப்படி இருந்தால் நிரல் இல்லை. பலரும் தங்கள் பூட்லோடரில் எழுதும் சோதனைதான். நானும் எங்கோ பார்த்து எழுதியது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். நான் எழுதும் வரிசை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. ஆகவே சோதனை பார்க்கும் அந்த நான்கு பைட்தான் முதலில் எழுதப்படுகிறது. அது எழுதப்பட்ட மறுகணமே பூட்லோடரைப் பொறுத்தவரை நிரல் ‘இருக்கிறது’. மீதி 37 கேபி வந்ததா, வரவில்லையா என்று அது கேட்கவே கேட்காது. கல்யாண வீட்டில் முதல் பந்தி உட்கார்ந்ததும் சமையல் முடிந்துவிட்டது என்று அடுப்பை அணைக்கிற மாதிரி.

மீதியும் எளிதாகப் புரிந்தது. பூட்லோடர் பாதி நிரலுக்குள் குதிக்கிறது. அதன் முதல் வரிகள் நல்லபடியாக இருப்பதால் விளக்கு ஒரு முறை எரிகிறது, நிரல் தொங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரும் ஓட ஆரம்பிக்கிறது. பிறகு இன்னும் எழுதப்படாத பகுதியில் இருக்கவேண்டிய ஒரு ஃபங்ஷனுக்குள் நுழைகிறது. அங்கே இருப்பது வெறும் எஃப்எஃப். செல்லாத கட்டளை என்று சிப் தடுமாறி ஹார்டுஃபால்ட்டில் விழுகிறது, அங்கேயே சுற்றுகிறது. இரண்டு விநாடியாக யாரும் தட்டிக்கொடுக்கவில்லை என்று வாட்ச்டாக் ரீசெட் செய்கிறது. மறுபடி முதலிலிருந்து. இரண்டு விநாடிக்கு ஒரு சிமிட்டு என்று பார்த்தேனே, அதுதான். விளக்கே எரியாமல் கிடந்தால் ஃபிளாஷ் வெறுமையாக இருக்கலாம், மின்சாரமே வராமல் இருக்கலாம். சீராக ஒரே இடைவெளியில் சிமிட்டினால் அது பெரும்பாலும் வாட்ச்டாக் சுழற்சிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே அழித்துவிட்டு எழுதியதால்தான் மீதி இடம் எஃப்எஃப்பாக இருந்தது. ஒரு பக்கம் அழித்து ஒரு பக்கம் எழுதி, அடுத்தது என்று போயிருந்தால் முன்பாதி புது நிரல், பின்பாதி பழைய நிரல் என்று ஆகியிருக்கும். அது உடனே விழாது. ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குள் நடுவிலிருந்து நுழைந்து, கொஞ்ச தூரம் ஓடி, ரிலேயைப் போட்டுவிட்டுக்கூட விழலாம். செத்துக் கிடக்கும் போர்டைவிட அரைகுறையாக உயிரோடு இருக்கும் போர்டு ஆபத்து, மோட்டார் கட்டியிருக்கிற இடத்தில்.

இனி மீட்பு. என் பூட்லோடர் கதவைத் திறக்காது. முதன்மை நிரல் வந்து கேட்டால்தான் திறக்கும், அதுவோ செத்துவிட்டது. ஆனால் இந்தச் சிப்புக்குள் இன்னொரு பூட்லோடர் இருக்கிறது. தயாரிப்பாளர் ஆலையிலேயே வைத்து அனுப்புவது. அது `0x1FFFF000` என்ற தனி இடத்தில் இருக்கிறது, நம்மால் அழிக்க முடியாது. சிப் ரீசெட் ஆகும் கணத்தில் பூட்0 என்ற முள் உயர்நிலையிலும் பூட்1 தாழ்நிலையிலும் இருந்தால், சிப் நம் ஃபிளாஷைப் பார்க்காமல் நேரே அதற்குள் போகும். அது பேசுவது முதல் சீரியல் வழியில், அதாவது பிஏ9, பிஏ10 முள்களில். என் சர்வீஸ் சாக்கெட்டும் அதே முள்களில்தான். முன்யோசனை என்று பெருமையடித்துக்கொள்ளலாம். உண்மையில் போர்டு வரையும்போது அதுதான் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

பூட்0-ஐ நான் ஒரு 10 கிலோ-ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு இழுத்திருந்தேன். பக்கத்தில் ஒரு மிளகு அளவுக்குச் சோதனைப் புள்ளி. அதில் 3.3 வோல்ட்டைத் தொட வைக்க வேண்டும்.

எம்சிபியை அணைத்தேன். அத்தோடு விடவில்லை, போர்டுக்கு வரும் 230 வோல்ட் இணைப்பையே கழற்றினேன். ஈரமான அடுப்படி வராந்தாவில், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரை அங்குலம் தள்ளி மெயின்ஸ் ஓடும் போர்டில் குத்துவது வீரமல்ல. போர்டுக்கு வேண்டிய 5 வோல்ட்டை யுஎஸ்பி-சீரியல் கேபிளிலிருந்தே கொடுத்தேன். ரிலே வேலை செய்யத் தேவையில்லை, சிப்புக்கு மட்டும்தானே. லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு பேட்டரியில் வைத்தேன். டைமரையும் அணைத்தேன்.

முதல் முறை வரவில்லை. பதிலே இல்லை. ஐந்து நிமிடம் பிஏ9, பிஏ10 இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: நான் 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பூட்0-ஐத் தொடுகிறேன். பூட்0-ஐச் சிப் பார்ப்பது ரீசெட் ஆகும் அந்தக் கணத்தில் மட்டும். முதலில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும். அண்ணனைக் கூப்பிட்டு, “நான் சொன்னதும் இதைச் செருகுங்கண்ணே” என்று யுஎஸ்பி முனையை அவர் கையில் கொடுத்தேன். செருகினார். பச்சை விளக்கு சிமிட்டவில்லை. நல்ல அறிகுறி: என் நிரல் ஓடவில்லை என்று பொருள். பிடுங்கிச் செருகியதால் பெயரும் பழையபடி `ttyUSB0` ஆகியிருந்தது. ஆலை பூட்லோடரோடு பேசும் கருவியை ஓட்டினேன்:

```
stm32flash /dev/ttyUSB0
```

`Device ID    : 0x0410` என்று பதில் வந்தது. சிப் உயிரோடு இருக்கிறது. இதற்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு எழுதியிருந்தால் இன்னொரு குழியில் விழுந்திருப்பேன். `stm32flash` கருவிக்கு எங்கே எழுத வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் சிப் முழுவதையும் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து எழுதும். என் பூட்லோடர் போயிருக்கும், கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டு அமைப்புகளும் போயிருக்கும். அவை என் நோட்டில் இருக்கின்றனவா என்றால், பாதி இருக்கும். அதனால் முதலில் இருப்பதை அப்படியே படித்து வைத்தேன்.

```
stm32flash -r munnadi.bin -S 0x08000000:0x10000 /dev/ttyUSB0
```

`0x10000` என்பது 64 கேபி. இந்த அளவைக் கொடுப்பது முக்கியம். இந்தச் சிப் குடும்பத்துக்கு ஒரே அடையாள எண் என்பதால் கருவி 128 கேபி வரை இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும். நம் சிப்பின் ஏட்டில் இருப்பது 64 மட்டும்.

படித்த கோப்பில் முதன்மை நிரல் தொடங்கும் இடத்தைப் பார்த்தேன்:

```
$ xxd -s 0x2000 -l 8 munnadi.bin
00002000: 0050 0020 4521 0008                      .P. E!..
```

பின்னாலிருந்து படித்தால் `0x20005000`. ரேமின் 20 கேபி முடியும் இடம். என் சோதனை ஏமாந்துபோன அதே நான்கு பைட். கீழே இறங்கிக்கொண்டே போனால் `0x7400` வரை நிரல், அதற்கப்புறம் முழுக்க எஃப்எஃப். `0x2000`-இலிருந்து `0x7400` வரை 21 கேபி. 38-இல் 21. திரை சொன்ன 55 சதவீதம் சரியாக வந்தது. கடைசிப் பக்கத்தில் அமைப்புகள் பத்திரமாக இருந்தன.

அப்புறம் எழுதினேன், நடுவில் இருக்கும் 55 கேபிக்குள் மட்டும்:

```
stm32flash -b 57600 -S 0x08002000:0xdc00 -w pump27.bin -v /dev/ttyUSB0
```

`-v` எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். அரை நிமிடம் ஆகியிருக்கும். கேபிளைப் பிடுங்கி, மெயின்ஸை மாட்டி, எம்சிபியைப் போட்டேன். விளக்கு நின்று எரிந்தது. சுவிட்சை ஆட்டோவுக்கு மாற்றினேன். காண்டாக்டர் இழுத்தது, மோட்டார் ஓடியது, பதினொன்றாவது விநாடியில் கரண்ட் ஏறியது, நிற்கவில்லை.

மணி பன்னிரண்டே கால். விருந்தினர் வந்து, குளித்து, ஆத்தங்குடி ஓடு பதித்த வளவில் உட்கார்ந்து இலை போட்டாயிற்று. ஆச்சி எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். “அஞ்சு நிமிஷம்னியே” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அது போதுமானதாக இருந்தது.

பட்டறைக்குத் திரும்பி அந்த வாரம் முழுக்க பூட்லோடரைத்தான் நோண்டினேன். எளிதான வழி ஒன்று எல்லோருக்கும் தோன்றும்: பழைய நிரலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டே புதியதை வேறிடத்தில் எழுதி, முழுதாக வந்தபிறகு மாறிக்கொள்வது. நல்ல முறைதான், இடம் இருந்தால். என்னிடம் 55 கேபி, நிரல் 38. இரண்டு பிரதி வைக்க நிரல் 27 கேபிக்குள் அடங்க வேண்டும். அடங்காது. வேறு சிப்புக்குப் போகவேண்டும், ஏற்கெனவே சுவரில் மாட்டிய பெட்டிகளுக்கு அது உதவாது.

ஆகவே இருக்கிற இடத்திலேயே வரிசையை மட்டும் மாற்றினேன். புதுப்பித்தல் தொடங்கியதும் முதலில் அழிப்பது முதல் பக்கத்தை. அந்த நொடியிலிருந்து என்ன நடந்தாலும் ‘நிரல் இல்லை’ என்பதுதான் நிலைமை. நிரல் இல்லை என்றால் பூட்லோடர் எங்கும் குதிக்காது, கேபிளைப் பார்த்துக் காத்திருக்கும். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் சரி. லேப்டாப்பிலிருந்து வரும் முதல் 1 கேபியை ஃபிளாஷில் எழுதாமல் ரேமில் வைத்துக்கொள்கிறேன். 20 கேபி ரேமில் ஒரு கேபி பெரிய விஷயமில்லை. மற்ற பக்கங்களையெல்லாம் எழுதி முடித்து, எழுதியதைத் திரும்பப் படித்து, பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும் சிஆர்சி கணக்குப் போட்டு, லேப்டாப் அனுப்பிய எண்ணோடு ஒத்துவந்தால் மட்டும் முதல் பக்கத்தை எழுதுகிறேன்.

அந்த முதல் பக்கத்தை எழுதும்போதே மின்சாரம் போனால்? இந்தச் சிப் ஒரு தடவைக்கு 16 பிட்தான் எழுதும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 50 மைக்ரோவிநாடி. பக்கம் முழுவதற்கும் 512 முறை, மொத்தம் முப்பது மில்லிவிநாடிக்குள். செட்டிநாட்டில் மின்சாரம் போகும் அழகைத் தெரிந்தவனாக அந்த முப்பது மில்லிவிநாடியையும் நான் நம்பத் தயாராக இல்லை. அதனால் பக்கத்துக்குள்ளேயும் வரிசையைத் திருப்பினேன். மற்ற எல்லாம் எழுதியானபிறகு, சோதனை பார்க்கும் அந்த முகவரியின் மேல்பாதி கடைசியில்:

```c
flash_halfword(0x08002002, 0x2000);
```

இந்த ஒரு வரி ஓடும்வரை அங்கே இருப்பது `0xFFFF5000`, பழைய சோதனை அதை ஏற்காது. ஓடி முடிந்தால் `0x20005000`, ஏற்கும். அந்த மூன்று வரிச் சோதனையில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். தவறு சோதனையில் இல்லை, எழுதும் வரிசையில்தான் இருந்தது.

பட்டறை மேசையில் கேபிளைப் பிடுங்கியும், பவரை அணைத்தும், 3 சதவீதத்தில், 55-இல், 99-இல் என்று முப்பது தடவையாவது வெட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பூட்லோடர் வந்து உட்கார்ந்து காத்திருந்தது. இது காப்பாற்றாத ஒன்று உண்டு: முழுதாக, சரியாக வந்து சேர்ந்த, ஆனால் நானே தப்பாக எழுதிய நிரல். சிஆர்சி ஒத்துப்போகும், ஓட ஆரம்பித்ததும் தொங்கும். அதற்காக, ரீசெட் ஆனதன் காரணத்தைச் சிப் குறித்துவைக்கும் ரெஜிஸ்டரைப் பார்த்து, தொடர்ந்து மூன்று முறை வாட்ச்டாக்தான் காரணம் என்றால் முதன்மை நிரலுக்குள் போகாமல் பூட்லோடரிலேயே நிற்கச் செய்தேன்.

பெட்டியில் செய்தது இரண்டே வேலை. இரண்டு காண்டாக்டர் காயிலுக்கும் குறுக்கே அந்த மின்னழுத்தத் துள்ளலை அடக்க 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் போட்டேன். மெயின்ஸுக்கென்றே வரும் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர், கையில் கிடைத்ததைப் போடக் கூடாது. அப்புறம், கேபிளை ஒன்றரை மீட்டரிலிருந்து அரை மீட்டராக்கி, முனையில் இடையூறைக் குறைக்க ஒரு ஃபெரைட் மாட்டினேன். லேப்டாப்பை வைக்க ஒரு ஸ்டூலும் வேண்டும், அதை ஆச்சியிடம் கேட்டால் கிடைக்கும்.

பழைய பூட்லோடரோடு இன்னும் பதினோரு பெட்டிகள் வெவ்வேறு ஊர்ச் சுவர்களில் இருக்கின்றன. பூட்லோடரை அந்தப் பூட்லோடரே மாற்றிக்கொள்வது முடியும். ஆனால் அது பாதியில் நின்றால் மறுபடி அந்த மிளகுப் புள்ளிதான். அதனால் சுற்றிவளைக்காமல் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், மெயின்ஸைக் கழற்றி, கம்பியைத் தொட்டு, ஆலை பூட்லோடர் வழியாகவே மாற்றிக்கொண்டு வருகிறேன். புதுப் போர்டில் பூட்0-க்கு ஜம்பர் வைத்தாயிற்று, ஒரு கை மிச்சம். இதுவரை நான்கு முடிந்தன. அடுத்தது தேவகோட்டையில் ஒரு வீடு. அங்கே பெட்டி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால். அதே லைனில் வேறு என்னென்ன மோட்டார் ஓடுகிறது, எது எத்தனை மணிக்கு அணையும் என்று போனில் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.